‘அழிச்சுட்டேன்’ என்கிற பொய்

‘ஆதாரை வாட்ஸ்அப்ல தட்டி விடுங்க சார்’ என்பது இன்றைக்கு ‘காபி சாப்பிடறீங்களா’ மாதிரி சாதாரண வாக்கியமாகிவிட்டது. வீட்டு புரோக்கர் கேட்கிறார். லாட்ஜில் கேட்கிறார்கள். டூருக்கு வேன் ஏற்பாடு பண்ணுகிறவர், கல்யாண மண்டபத்து மேனேஜர், கேஸ் ஏஜென்சிக்காரர், அபார்ட்மென்ட் வாசலில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி என்று வரிசையாகக் கேட்கிறார்கள். எதற்கு என்று அவர்கள் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. அட்டையை டைனிங் டேபிள் மேல் வைத்து முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு க்ளிக். அனுப்பியாச்சு. ஆளுக்கொரு தம்ஸ்-அப். முடிந்தது வேலை.

வேலை முடிந்த பிறகு அந்தப் படம் என்ன ஆச்சு என்று கேட்டால், கொஞ்சம் உஷாரான ஆசாமிகள் உடனே சொல்வார்கள்: ‘கேலரில இருந்து அப்பவே அழிச்சுட்டேனே!’

அந்த ‘அழிச்சுட்டேன்’ மீதுதான் என் சண்டை. அழிக்காதவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. அவர்களுக்கு அழிக்கவில்லை என்பதாவது தெரியும். அழித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள்தான் பாவம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு வழக்கில் படு கறார். போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. பாதித் திரைதான் தெரிகிறது. மாற்றுவதற்குக் கடையில் கொடுக்கப் போனால், ‘டச் வேலை செய்யுதான்னு செக் பண்ணணும், பின் நம்பரை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, சாயந்திரம் வாங்க’ என்றானாம் பையன். அவருக்கு உறுத்தல். திரும்பி வந்து என்னிடம் கேட்டார். ‘தம்பி, ஆதார், பான் எல்லாம் கேலரில நாலு படம் இருந்தது. அழிச்சுட்டேன். இனிமே குடுக்கலாம்ல?’

குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாம் சார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு மணி நேர வேலை என்று நினைத்தோம். மதியச் சாப்பாடு வரை போனது.

முதலில் கேலரியின் குப்பைத் தொட்டி. Trash என்றோ Recycle bin என்றோ போட்டிருக்கும். அவர் அழித்த நாலும் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. கேலரியில் அழிப்பது என்பது பெரும்பாலான போன்களில் இந்தத் தொட்டிக்கு இடம் மாற்றுவதுதான். வழக்கமாக முப்பது நாள் கழித்துத்தான் தானாகப் போகும். அதுவரை யார் வேண்டுமானாலும் ஒரே தட்டலில் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். பின் நம்பர் தெரிந்த கடைப் பையன் உட்பட.

அடுத்து கூகுள் போட்டோஸ். அவருக்கு பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. போன் வாங்கித் தந்த மருமகன் ஆன் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார். கேமராவில் எடுத்த ஒவ்வொரு படமும் அவருடைய கூகுள் கணக்குக்கு ஏறியிருக்கிறது. போன் கம்பெனிக்காரன் கொடுத்த கேலரியில் அழித்தால், மேலே ஏறிய பிரதி அப்படியே நிற்கும். கூகுள் போட்டோஸுக்குள்ளேயே போய் அழித்தால்தான் அங்கிருந்து போகும். அதுவும் நேரே போகாது. பேக்கப் ஆன படம் அங்குள்ள குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். தொட்டியையும் காலி பண்ண வேண்டும். இன்னொரு கூத்து, Free up space என்று ஒரு பட்டன். அதை அழுத்திவிட்டு ‘எல்லாம் போச்சு’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது போனில் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு மேலே இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற பட்டன்.

ஆயிரக்கணக்கான படங்களில் அட்டையை எப்படித் தேடுவது? கூகுள் போட்டோஸின் தேடல் பெட்டி படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் படிக்கும். Aadhaar என்று தட்டினோம். பிறகு Government of India, Income Tax Department, Election Commission என்று அட்டையில் அச்சாகியிருக்கும் வார்த்தைகளாகவே தட்டினோம். பெரியவரின் அட்டைகள் மட்டுமா வந்தன? சம்சாரத்துடையது, பேரனுடைய பள்ளி அடையாள அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், ஊரில் நிலப் பத்திரத்துக்காக அனுப்பிய மச்சினருடைய ஆதார் என்று ஒரு குடும்ப ஆல்பமே வந்தது.

தேடலை மட்டும் நம்பாதீர்கள். கை நடுங்கி மங்கலாக எடுத்தது, தலைகீழாக எடுத்தது, விலாசம் மட்டும் இருக்கும் பின்பக்கம், இதெல்லாம் தப்பிவிடும். அதற்கு நான் கண்ட வழி, வார்த்தையை விட்டுவிட்டு சம்பவத்தை யோசிப்பது. கடைசியாக எப்போது வீடு மாறினீர்கள்? எப்போது சிம் வாங்கினீர்கள்? எந்த மாதம் கடனுக்கு அலைந்தீர்கள்? எப்போது ஹோட்டலில் தங்கினீர்கள்? அந்தத் தேதிக்கு நேராகப் போய் முன்னும் பின்னும் இரண்டு நாள் பாருங்கள். பெரியவர் 2023 ஜூனில் மகளுக்காக ஒரு வாடகை வீடு பிடித்திருந்தார். அந்த வாரத்தில் மட்டும் தேடலில் சிக்காத ஐந்து படங்கள் இருந்தன.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற இடங்கள். விஷயமே இனிமேல்தான்.

நீங்கள் கேலரியில் இருந்து ஒரு படத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, ஆண்ட்ராய்டு போனில் அது தன் பங்குக்கு இன்னொரு பிரதி எடுத்து, தன் சொந்த அலமாரியில் வைத்துக்கொள்கிறது. அந்த அலமாரி இங்கே இருக்கிறது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Documents/Sent
```

போனில் இருக்கும் ஃபைல் மேனேஜர் வழியாக ஒவ்வொரு படியாக இறங்கிப் போக வேண்டும். கேலரியில் ஏன் தெரிவதில்லை? அந்த Sent ஃபோல்டருக்குள் `.nomedia` என்று ஒரு வெற்று ஃபைல் இருக்கிறது. ‘இங்கே இருப்பதைக் காட்டாதே’ என்று கேலரிக்குச் சொல்லும் பலகை அது. வாட்ஸ்அப்காரர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஒரே படம் இரண்டு தடவை கேலரியில் தெரிந்து நமக்குக் குழப்பம் வரக்கூடாதே என்று. ஆனால் விளைவு என்ன? வெளியே அனுப்பத் தகுதியுள்ளது என்று நாமே பொறுக்கி எடுத்த படங்கள், அதாவது நம் போனிலேயே ரொம்ப விவகாரமான படங்கள், நம் கண்ணில் மட்டும் படாத ஓர் அறையில் வருஷக்கணக்காகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

பெரியவரின் Sent ஃபோல்டரைத் திறந்தோம். படங்களின் பெயரிலேயே தேதி இருக்கிறது. IMG-20230614-WA0007 என்றால் 2023 ஜூன் 14. பெயர் வரிசையில் அடுக்கினால் ஒரு டைரி மாதிரி விரிகிறது. ஜூன் 14 அன்று புரோக்கருக்கு அனுப்பியவை வரிசையாக நின்றன. ஆதார் முன்பக்கம், பின்பக்கம், பான் கார்டு, பழைய வீட்டு மின்கட்டண ரசீது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கையெழுத்தோடு ஒரு கேன்சல் செய்த காசோலை. மொத்தம் ஆறு. பக்கத்தில் Documents ஃபோல்டரில் இ-ஆதார் பிடிஎஃப் வேறு.

பெரியவர் அந்த ஆறையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ‘இது என்ன தம்பி, ஃபைல் போட்டு வெச்ச மாதிரி இருக்கு’ என்றார்.

அதேதான். ஒற்றை ஆதார் படத்தை வைத்துக்கொண்டு யாரும் உங்கள் வங்கிப் பணத்தை உருவிவிட முடியாது. அதற்கு கைரேகையோ ஓ.டி.பி.யோ வேண்டும். ‘ஆதார் நம்பர் தெரிஞ்சா என்ன ஆயிடும்?’ என்று சவால் விடுகிறவர்கள் அந்த அளவில் சொல்வது சரிதான். அவர்கள் பார்க்க மறுப்பது இந்தச் சேர்க்கையை. நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு அந்த ஆறு படங்களைப் பார்த்ததும் வேறொன்று தெரிந்தது. பான், ஆதார், இடத்துக்குச் சான்றாக மின்கட்டண ரசீது, போட்டோ, வங்கிக் கணக்குக்குக் கேன்சல் செய்த காசோலை... ஒரு தனி நபர் வியாபாரத்துக்கு ஜி.எஸ்.டி. பதிவு கேட்டுப் போனால் கேட்கும் காகிதங்களின் பட்டியல் கிட்டத்தட்ட இதுதான் சார்!

கற்பனை இல்லை. அடுத்தவர் பான், ஆதாரை வைத்துப் போலிக் கம்பெனி பதிவு செய்து, சரக்கே இல்லாமல் பில் போட்டு, வரிக் கழிவைச் சுருட்டுவது இந்த நாட்டில் தனித் தொழில். அதைப் பிடிப்பதற்காகவே மத்திய மறைமுக வரி வாரியம் 2023 மே 16 முதல் இரண்டு மாதம் நாடு முழுக்கச் சிறப்பு வேட்டை நடத்தியது. போதாமல் 2024 ஆகஸ்டில் மறுபடி ஒன்று. அதற்கப்புறம்தான் பல இடங்களில் கைரேகை சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிக் கொஞ்சம் இறுக்கினார்கள். கூலி வேலை பார்க்கிறவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

உங்கள் பெயரில் கம்பெனி ஏதாவது நடக்கிறதா என்று பார்ப்பது சுலபம். gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் Search by PAN என்று இருக்கிறது. லாகின் வேண்டாம். பான் எண்ணைத் தட்டினால் அதன் கீழ் எடுத்த பதிவுகள் வரும். மாதச் சம்பளக்காரர், பென்ஷன்காரர் என்றால் ஒன்றுமே வரக்கூடாது. வந்தால் அன்றைக்கே 1930-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, ஜி.எஸ்.டி. அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பெரியவருக்கு ஒன்றும் வரவில்லை. அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

இன்னொன்று அந்த பிடிஎஃப். ‘அதுக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கே!’ என்றார். இ-ஆதார் பிடிஎஃபின் பாஸ்வேர்ட் என்ன? உங்கள் பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, பிறந்த வருஷம். பெயரும் பிறந்த தேதியும் எங்கே இருக்கின்றன? அதே போனில், அடுத்த ஃபோல்டரில் இருக்கும் பான் கார்டில். பூட்டைப் பூட்டி சாவியைப் பக்கத்து ஆணியில் மாட்டிய கதை.

ஆகவே அழிக்க உட்காருகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். தனியாகத் திரியும் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் Sent ஃபோல்டர்களில் கூட்டமாக நிற்பவற்றைக் கலையுங்கள். கடனுக்கு, வாடகைக்கு, வேலைக்கு என்று ஒரே நாளில் மொத்தமாக அனுப்பியவை. அப்புறம் வாட்ஸ்அப்பில் அந்த ஆளுடைய உரையாடலைத் திறந்து, பெயரைத் தட்டினால் இதுவரை பரிமாறிய படங்கள், ஆவணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். அங்கேயும் அழியுங்கள். அழிக்கும்போது போனில் இருக்கும் ஃபைலையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று கேட்டால் டிக் போடுங்கள். போட்டாலும் நம்பாமல் ஃபோல்டரை மறுபடி ஒரு முறை எட்டிப் பாருங்கள். ஃபைல் மேனேஜருக்கும் தனிக் குப்பைத் தொட்டி உண்டு, அதையும் கொட்டுங்கள். கடைசியாக வாட்ஸ்அப் செட்டிங்ஸில் Chat backup போய் புதிதாக ஒரு பேக்கப் எடுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய பேக்கப்பில் அத்தனையும் இருக்கும். அடுத்த போனில் போட்டதும் எல்லாம் எழுந்து வரும்.

ஐபோன்காரர்களுக்கு இந்த ஃபோல்டர் ஏறி இறங்கும் வேலை இல்லை. போட்டோஸில் எழுத்தைத் தேடுவது, Recently Deleted-ஐக் காலி செய்வது, வாட்ஸ்அப் உரையாடலுக்குள் அழிப்பது, அவ்வளவுதான்.

பெரியவரின் போனில் கடைசிக் கணக்கு: அவர் அழித்தது நாலு. நாங்கள் அழித்தது நாற்பத்தி ஏழு. அதில் பதினொன்று அவருடையதே இல்லை, அடுத்தவர்களுடையது. உறவுக்காரர்கள் ‘கொஞ்சம் இதை பிரின்ட் எடுத்து வைங்க’ என்று அனுப்பியவை. (டிஸ்ப்ளேயை அவர் பின் நம்பர் கொடுக்காமலே, கடையில் எதிரே உட்கார்ந்து மாற்றிக்கொண்டு வந்தார். சில போன்களில் இதற்கென்றே ரிப்பேர் மோட், மெயின்டனன்ஸ் மோட் என்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் கடைக்காரர் போனை இயக்கலாம், உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது.)

சரி, இவ்வளவு பாடுபட்டு அழித்தது நம் பக்கத்துப் பிரதியை. எதிர்ப் பக்கம்?

புரோக்கருக்கு என் முன்னாலேயே போன் போட்டார். ‘அன்னிக்கு அனுப்பின ஆதார், பான் எல்லாம் அழிச்சுடுப்பா’ என்றார். அந்தப் பக்கம் சிரிப்பு. ‘ஐயா, அது பழைய போன். அதை எப்பவோ தம்பிகிட்ட குடுத்துட்டேன். அவன் வித்துட்டான்னு நினைக்கிறேன்.’

அனுப்பியதை எல்லோரிடமும் இருந்து நீக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இரண்டரை நாள் வரை. நாம் யோசிக்க ஆரம்பிப்பதே இரண்டரை வருஷம் கழித்துத்தான். அதோடு எதிராளி ஐபோனில் படம் தானாக போட்டோஸில் சேமிக்கப்பட்டிருந்தால் அது அங்கேயே தங்கும். ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினீர்கள் என்றால் இன்னும் விசேஷம். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும். பிரின்ட் எடுப்பதற்காக டவுன்லோட் செய்த ஃபைல் Downloads ஃபோல்டரில், உங்களுக்கு முன்னால் வந்த ஐந்நூறு பேருடைய ஆதாரோடு சேர்ந்து கிடக்கும். நீங்கள் உரையாடலில் இருந்து நீக்கினாலும் அது நகராது. கல்லூரி, பேருந்து நிலையம் பக்கத்தில் இருக்கிற எந்தக் கடையிலும் திரையை எட்டிப் பாருங்கள். அங்கே நின்று, ‘தம்பி, அந்த ஃபைலை என் கண் முன்னாடி டெலிட் பண்ணு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணு’ என்று கேட்பது நமக்குக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு ரூபாய் சில்லறை பாக்கி என்றால் மட்டும் கூச்சப்படாமல் நிற்கிறோம்!

அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் உருப்படியாக ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவர்களிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள், பொதுக் கம்ப்யூட்டரில் இறக்கினால் அங்கே இருக்கும் பிரதிகளை நிரந்தரமாக அழியுங்கள், உரிமம் இல்லாத ஹோட்டலும் சினிமா தியேட்டரும் நகல் வாங்கக் கூடாது என்றெல்லாம் தெளிவாகச் சொன்னது. இரண்டே நாள். மே 29 அன்று மத்திய அமைச்சகம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுமாம். மக்கள் ‘வழக்கமான எச்சரிக்கையோடு’ இருந்தால் போதுமாம். வழக்கமாக நாம் எவ்வளவு எச்சரிக்கையோடு இருக்கிறோம் என்பதற்குப் பெரியவரின் Sent ஃபோல்டரே சாட்சி.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வாங்கிய தரவை, வாங்கிய காரணம் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று அதிலே இருக்கிறது. நல்ல சட்டம். அதற்கு விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. முக்கியமான கடமைகளுக்கு அங்கிருந்து 18 மாத அவகாசம். அது பெரிய கம்பெனிகளை ஏதாவது செய்யலாம். புரோக்கருடைய தம்பி விற்ற போனை அது எப்படித் துரத்திப் பிடிக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

அதனால் கேட்கிற இடத்தில்தான் மடக்க வேண்டியிருக்கிறது. அட்டையைக் காட்டினால் போதுமா, நகல் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேருக்குக் காட்டினால் போதும். டிஜிலாக்கரைத் திறந்து காட்டுங்கள், போனில் படமாக வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நகல்தான் வேண்டும் என்றால் myaadhaar.uidai.gov.in தளத்தில் மறைப்பு ஆதாரை இறக்கி, ‘இன்ன வீட்டு வாடகைக்கு மட்டும்’ என்று தேதியோடு படத்தின் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே எழுதி அனுப்புங்கள். ஓரத்தில் எழுதினால் கத்தரித்துவிடுவார்கள். ஒரு முறை மட்டும் பார்க்கிற மாதிரி அனுப்பும் வசதியும் வாட்ஸ்அப்பில் உண்டு. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுக்க விடாது. இன்னொரு போனால் படம் எடுத்தால் தடுக்க முடியாது. ஆனாலும் உங்கள் புரோக்கர் அந்தச் சிரமம் எடுக்கிறவராக இருக்க மாட்டார்.

எங்கள் குடியிருப்பு சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பெரியவர் ஒரு கேள்வியோடு எழுந்தார். வாசலில் வேலைக்கார அம்மாக்களிடமும் டெலிவரி பையன்களிடமும் ஆதாரைப் படம் பிடிக்கிறாரே செக்யூரிட்டி, அது யாருடைய போன்? செயலாளர் சொன்னார், அவரோட சொந்த போன்தான். இந்த மூணு வருஷத்தில் எத்தனை செக்யூரிட்டி மாறியிருக்கிறார்கள் என்று அடுத்துக் கேட்டார் பெரியவர். ஐந்து பேர் என்றது ரிஜிஸ்டர். அந்த ஐந்து போனும் இப்போது எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று ரிஜிஸ்டரில் இல்லை.